மாட்டு வாகடம் எந்தக் கட்டில் இருக்கிறது? அட்டவணையை மட்டும் வைத்துச் சுவடி தேடுவது

தொழுவம் | 3 ஜனவரி 2024, இரவு 9.15

மாட்டு வைத்தியச் சுவடிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பா ஊரில் மாட்டுக்கு மருந்து சொல்பவராக இருந்தார். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான் எது வந்தாலும் முதலில் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் மருந்தை அரைக்கச் சொல்வார். பாட்டெல்லாம் தாத்தா காலத்து ஏட்டில் இருந்தது என்பார். அந்த ஏடு இப்போது வீட்டில் இல்லை. அப்பாவும் இல்லை. எனக்கு ஒரே ஒரு பாட்டு, அதுவும் நடுவில் இரண்டு வரி விட்டு, நினைவில் இருக்கிறது.

ஒரு நூலகத்தின் அச்சிட்ட சுவடி அட்டவணையை இரண்டு மாதம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். மொத்தம் 1,340 பதிவு. நூற்பெயர், சுவடி எண், ஏடுகள், பக்கத்துக்கு வரி, முதல், முடிவு, குறிப்பு என்று அதில் இருந்ததை அப்படியே தட்டினேன். "மாட்டு" என்று தேடினால் மூன்று வருகிறது. மூன்றின் ஏட்டுப் படங்களும் கிடைத்தன, மெதுவாகப் படித்தேன், அப்பாவின் பாட்டு எதிலும் இல்லை. மற்ற கட்டுகளில் சிலவற்றுக்குப் படம் இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. இருக்கும் படத்துக்குள்ளும் தேட முடியாது, எழுத்தைப் படித்துக் கொடுக்கும் மென்பொருள் எதுவும் ஓலையிடம் பலிக்கவில்லை.

அப்படியென்றால் அந்த நூலகத்தில் இருப்பது மூன்றுதான் என்று முடிவு கட்டி அடுத்த நூலகத்துக்குப் போகலாமா?

கணிநிரல் | 3 ஜனவரி, இரவு 10.02

அக்கா, இது எழுத்துக்கூட்டல் பிரச்சினை, அவ்வளவுதான். மாடு, மாட்டு, வாகடம், வாகிடம் என்று எல்லா வடிவத்தையும் ஒரே தேடலில் போடுங்கள்:

```
grep -E 'மாடு|மாட்டு|வாகி?ட' pattiyal.csv
```

மென்பொருளை ஓலைப் படத்தில் நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வரியைப் பிரிக்கும் இடத்திலேயே தடுமாறுகிறது. ஓலையின் நரம்பையும் பூச்சி அரித்த ஓட்டையையும் எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டு அட்டவணையையே ஒழுங்காகத் தேடினால் போதும்.

பழஞ்சுவடி | 4 ஜனவரி, காலை 6.30

தம்பி சொல்வதில் பாதி சரி. எழுத்துக்கூட்டலைச் சரி செய்தாலும் நீங்கள் தேடுவது அட்டவணை எழுதியவர் என்ன நினைத்தார் என்பதைத்தான், ஓலையில் இருப்பதை அல்ல. பதினோரு வருஷம் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

"நூற்பெயர்" என்ற கட்டத்தில் இருப்பது மூன்று வழியில் வந்திருக்கும். முதல் ஏட்டின் இடது ஓரத்தில் எழுதியவனே பெயர் போட்டிருப்பான். அல்லது பாயிரத்திலோ கடைசிப் பாட்டிலோ பெயர் வரும். இரண்டும் இல்லையென்றால் படித்துப் பார்த்து நாங்களே ஒரு பெயர் வைப்போம். கட்டில் முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் நொறுங்கும், ஆகவே மூன்றாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரு நாளைக்கு இத்தனை கட்டு முடிக்க வேண்டும் என்று இருக்கும்போது, மருந்துப் பெயர்கள் கண்ணில் பட்டால் "வைத்தியம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டுக்குப் போய்விடுவோம். அது மனிதனுக்கா மாட்டுக்கா குதிரைக்கா என்று நாலு ஏடு புரட்டினால்தான் தெரியும்.

ஒரே நூல் இரண்டு பெயரில் இருப்பதும் உண்டு. மூதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லை வைத்து அதற்கு வாக்குண்டாம் என்றும் பெயர். ஓர் அட்டவணையில் ஒரு கட்டு மூதுரை என்றும் பக்கத்துக் கட்டு வாக்குண்டாம் என்றும் அகரவரிசையில் எங்கெங்கோ கிடக்கும். பெயரை விடுங்கள், "முதல்" கட்டத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. அப்பாவின் பாட்டு நூலின் நடுவில் வருகிற பாட்டாக இருந்தால் எந்த அட்டவணையிலும் அது கிடைக்காது. அட்டவணை தருவது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும்தான். பாட்டைத் தேடாதீர்கள், பாட்டு இருக்கக்கூடிய கட்டைத் தேடுங்கள்.

வைகைக்கரை | 4 ஜனவரி, காலை 11.48

எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு ஏடு இருக்கிறது, ஒரு சாண் நீளம், இரண்டு பக்கமும் மரச்சட்டம். அதைக் கெடாமல் வைக்க என்ன எண்ணெய் தடவ வேண்டும்? லெமன்கிராஸ் எண்ணெய் என்கிறார்கள். ஜாதக ஏடாக இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள், யாரும் அவிழ்க்க விடவில்லை.

பழஞ்சுவடி | 4 ஜனவரி, பிற்பகல் 1.10

வைகைக்கரை, எண்ணெய் அப்புறம். முதலில் காய்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள், ஒட்டியிருக்கும் ஏடுகளைப் பிய்க்காதீர்கள். ஏட்டு வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிட்டு ஒரு சுவடி நூலகத்தில் காட்டுங்கள். இந்த இழை வேறு விஷயம் பற்றியது, உங்கள் கட்டைப் பற்றித் தனியாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

தொழுவம் | 6 ஜனவரி, இரவு 8.40

ஐயா சொன்னபடி "முதல்" கட்டத்தை வரிசையாக வாசித்தேன். ஒரு குழப்பம். சில பதிவுகளில் தொடக்க வரி நாம் அச்சில் படிக்கிற மாதிரி இருக்கிறது. சிலவற்றில் புள்ளியே இல்லை, ஏ-வும் ஓ-வும் இல்லை. ஒரே அட்டவணைக்குள் ஏன் இப்படி?

பழஞ்சுவடி | 6 ஜனவரி, இரவு 9.55

எழுதியவர்கள் இரண்டு பேராக இருந்திருப்பார்கள். ஒருவர் ஓலையில் உள்ளதை உள்ளபடி எழுதுவார், இன்னொருவர் திருத்தி எழுதுவார். ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே ஒற்றைக் கொம்புதான், வீரமாமுனிவர் செய்த மாற்றம் ஓலைக்கு வர நாளாயிற்று. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. "பாலும் தெளிதேனும்" என்ற நல்வழிக் காப்பைப் பழைய கையெழுத்தில் பார்த்தால் "பரலுநதெளிதெனும" என்று வாசிக்கவும் இடமுண்டு. பழக்கமில்லாதவர் படியெடுத்தால் அப்படியேதான் எழுதிவைப்பார்.

கணிநிரல் | 7 ஜனவரி, பகல் 12.20

அப்போது இரண்டு பக்கத்தையும் ஒரே மட்டத்துக்கு இறக்கிவிடலாம். தேடும் சொல்லையும் அட்டவணையையும் இதில் போட்டு எடுங்கள் அக்கா, பிறகு ஒப்பிடுங்கள்:

```python
def madi(s):
    s = s.replace("்", "").replace(" ", "")
    for a, b in (("ே","ெ"), ("ோ","ொ"), ("ஏ","எ"),
                 ("ஓ","ஒ"), ("ொ","ொ"), ("ா","ர"),
                 ("ற","ர"), ("ண","ன"), ("ந","ன")):
        s = s.replace(a, b)
    return s
```

புள்ளி போகும், இடைவெளி போகும், நெடிலும் குறிலும் ஒன்றாகும், கால் ரகரமாகும். இனி எதுவும் தப்பாது.

தொழுவம் | 9 ஜனவரி, இரவு 10.30

தப்புகிறது தம்பி. ஐயா சொன்ன நல்வழி வரியையே சோதனைக்கு வைத்தேன். "பாலும் தெளிதேனும்" என்று கொடுத்தால் "பரலுமதெளிதெனும" ஆகிறது. ஓலையில் "பாலுந்தெளி" என்று சேர்த்து எழுதியிருப்பதால் அது "பரலுனதெளிதெனும" ஆகிறது. ம-வும் ன-வும் ஒட்டவில்லை. சொல்லின் கடைசி எழுத்து அடுத்த சொல்லைப் பார்த்து மாறுகிற இடமெல்லாம் இப்படித்தான். "தெளிதேனு" என்று நடுவிலிருந்து வெட்டிக் கொடுத்தால் கிடைக்கிறது. ஆகவே இப்போது சொல்லின் தலையையும் வாலையும் விட்டுவிட்டுத் தேடுகிறேன்.

இன்னொரு தொல்லை, "மாடு" என்று தேடினால் "மரடு" ஆகி, இடைவெளியும் போய்விட்டதால் இரண்டு சொல் சேரும் இடத்திலெல்லாம் மாட்டிக்கொள்கிறது. சின்னச் சொல்லுக்கு இந்த முறை உதவாது, ஐந்தாறு எழுத்தாவது வேண்டும்.

ஆனால் ஒன்று கிடைத்தது! இது நிரலால் கிடைத்ததில்லை, "முடிவு" கட்டத்தைக் கண்ணால் ஓட்டியபோது. "வயித்தியம்" என்ற எழுத்துக்கூட்டலில் நான்கு பதிவு இருந்தது. "வைத்திய" என்று தேடியதால் இதுவரை என் கண்ணில் படவே இல்லை. இரண்டு பெரியவர்களுக்கானது, ஒன்று பிள்ளைப்பிணி, நான்காவதன் முடிவு வரியில் எருது என்ற சொல் வருகிறது. படம் இருக்கிறது. 14 ஏடு, பாதிக்கு மேல் செல்லரித்தது. மாட்டு வைத்தியம்தான். அப்பாவின் பாட்டு இல்லை. ஆனால் மூன்று நான்கானது, என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பழஞ்சுவடி | 10 ஜனவரி, காலை 6.15

நல்லது. முடிவு வரி முதல் வரியைவிட உதவும் என்று நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தொடக்கத்தில் பிள்ளையார் காப்பு இருக்கும், அது எந்த நூலுக்கும் பொருந்தும். அதற்கும் முன்னால் ஏடெழுதியவன் "நன்றாகக் குரு வாழ்க குருவே துணை" என்று போட்டிருப்பான், சிலர் அதையே "முதல்" என்று எழுதியிருப்பார்கள்.

இனி அடுத்த வழி. உங்கள் பட்டியலில் ஏட்டு எண்ணிக்கையும் வரியும் இருக்கிறதல்லவா? நூல் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் அதற்கு எத்தனை ஏடு வேண்டும் என்று கணக்குப் போடலாம். கட்டில் அதைவிட நிறைய ஏடு இருந்தால் உள்ளே பெயர் சொல்லாத வேறு நூல் இருக்கிறது என்று அர்த்தம். கட்டில் முதலில் இருக்கும் நூலை மட்டும் பதிந்துவிட்டு மீதியை விட்டது நிறைய நடந்திருக்கிறது.

தொழுவம் | 14 ஜனவரி, இரவு 11.05

மூன்று நாள் இதே வேலை. எழுதிவைக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு பதிவு, நூற்பெயர் மூதுரை, 64 ஏடு, பக்கத்துக்கு 6 வரி. வரிக்கு எத்தனை எழுத்து என்று அட்டவணையில் இல்லை. ஓலையின் நீளம் கொடுத்திருக்கிறது, அதே நீளமுள்ள வேறு கட்டுகளின் படத்தில் எண்ணினேன், 35 வந்தது. ஒரு ஏட்டுக்கு இரண்டு பக்கம், ஆக 2 × 6 × 35 = 420 எழுத்து. மூதுரை காப்போடு சேர்த்து 31 வெண்பா. ஒரு வெண்பாவுக்கு 50 எழுத்து என்று வைத்தால் 1,550, நான்கு ஏட்டுக்குள் முடிந்துவிடும். மீதி 60 ஏட்டில் என்ன இருக்கிறது?

பழஞ்சுவடி | 15 ஜனவரி, காலை 6.40

50 குறைவு. நீங்கள் மெய்யெழுத்தை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள். யாப்புக் கணக்கில் ஒற்று நீங்கலாகத்தான் எண்ணுவார்கள், ஆனால் ஓலையில் ஒற்றும் இடத்தை அடைக்கும், புள்ளி இல்லையென்பதற்காக எழுத்து இல்லாமல் போகாது. "வாக்குண்டாம் நல்ல மனமுண்டாம் மாமலராள்" என்ற ஓர் அடியிலேயே 20 இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். வெண்பாவுக்கு 75 என்று வையுங்கள். 31 × 75 = 2,325, ஐந்தரை ஏடு.

அப்புறம், அவசரப்பட்டு 58 ஏட்டில் மாட்டு வாகடம் என்று நினைத்துவிடாதீர்கள். மூதுரை தனியாக வருவது குறைவு. திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கட்டாக இருந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நல்வழி எல்லாம் கூடவே இருக்கும். நான்குக்கும் சேர்த்துச் சுமார் 20 ஏடு. உரையோடு எழுதியிருந்தால் மூதுரையே 40 ஏடு பிடிக்கலாம். "குறிப்பு" கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது?

தொழுவம் | 15 ஜனவரி, இரவு 9.20

குறிப்பில் "ஏட்டெண் தொடர்ச்சியாக இல்லை" என்று மூன்றே சொல். உரை என்று எங்கும் இல்லை.

பழஞ்சுவடி | 15 ஜனவரி, இரவு 9.31

அந்த மூன்று சொல் போதும். எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறது என்றால் வேறு நூல். போய்ப் பாருங்கள்.

கணிநிரல் | 15 ஜனவரி, இரவு 10.10

இந்தக் கணக்கை 1,340 பதிவுக்கும் ஓட்டலாமே? நூலின் பாட்டு எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

தொழுவம் | 16 ஜனவரி, காலை 7.50

பெயரிலேயே எண் உள்ள நூல்களுக்கு எளிது, நூறு, நானூறு என்று வருமே, அவற்றுக்கு ஓட்டிவிட்டேன். மற்றவற்றுக்கு அச்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பாட்டு எண்ணிக்கை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை 37 கட்டு உப்பியிருக்கிறது. ஓர் எச்சரிக்கை, "ஏடு" என்று சிலர் எண்ணியது பக்கத்தை. இரண்டு மடங்கு சரியாக வந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அப்படி 9 பதிவை நீக்கிய பிறகுதான் இந்த 37.

வைகைக்கரை | 16 ஜனவரி, பிற்பகல் 3.05

எங்கள் கட்டை அண்ணனைக் கெஞ்சி அவிழ்த்துவிட்டோம். ஒவ்வொரு ஏட்டிலும் இடது ஓரத்தில் க, உ என்று எழுத்து இருக்கிறது, அப்புறம் எ, அ என்றும் வருகிறது. அகரவரிசை மாதிரியும் இல்லையே?

பழஞ்சுவடி | 16 ஜனவரி, மாலை 5.00

அவை எண்கள். ஒன்றும் இரண்டும் ஏழும் எட்டும் பார்க்க க, உ, எ, அ போலவே இருக்கும். அதனால்தான் கணினியில் ஏற்றிய அட்டவணைகளில் ஏட்டெண் கட்டத்தில் பாதி எழுத்தாகவும் பாதி எண்ணாகவும் கிடக்கும். தொழுவம், உங்கள் கோப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ௨௰௩ என்றால் 23, நடுவில் பத்துக்குத் தனிக் குறி.

தொழுவம் | 25 ஜனவரி, இரவு 10.45

நேற்றுப் போனேன். மூதுரைக் கட்டின் எண்ணைக் கொடுத்துக் கேட்டேன், ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். முதல் 20 ஏடு ஐயா சொன்ன அதே நான்கு நூல், உரை இல்லை. அடுத்து 5 ஏடு எண்சுவடி, பெருக்கல் வாய்பாடு. அதற்குப் பிறகு எழுத்தே வேறு கை, ஓலையும் கொஞ்சம் அகலம் குறைவு. ஏட்டெண் ௯-இல் தொடங்குகிறது. முதல் எட்டு ஏடு இல்லை. 47 வரை வரிசையாக இருக்கிறது, 39 ஏடு.

மாட்டு வைத்தியம். முதலில் கண்ணில் பட்ட பாட்டே நாக்கு நோய்க்கு. நான் அங்கேயே கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் தெரியவில்லை, தொடக்கம் போய்விட்டதால் எங்கும் இல்லை. கடைசி ஏட்டில் கொல்லம் 1052, தாது வருஷம், தை மாசம் எழுதி முடித்தது என்று இருக்கிறது. ஒரு நாளில் 11 ஏடுதான் படிக்க முடிந்தது.

கணிநிரல் | 25 ஜனவரி, இரவு 11.20

தாது என்றால் 1876! தாது வருஷப் பஞ்சம். மாடெல்லாம் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் அக்கா.

பழஞ்சுவடி | 26 ஜனவரி, காலை 6.20

தாது 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும், 1816-லும் வந்தது, 1936-லும் வந்தது. கொல்லம் ஆண்டு இருப்பதால்தான் உறுதி. கொல்லம் 1052 ஆவணியில் தொடங்கியது, அது 1876. தை என்றால் 1877 தொடக்கம். தம்பி சொன்ன பஞ்சக் காலம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது படியெடுத்த தேதி, நூல் எப்போது பாடப்பட்டது என்பதற்கு இது சாட்சியில்லை. பஞ்சத்துக்காக எழுதினார்களா, வழக்கமாக ஏடு பழுதானதால் மாற்றி எழுதினார்களா என்பதை அந்த வரி சொல்லாது. கொல்லம் ஆண்டு போட்டிருப்பதால் திருநெல்வேலி, குமரிப் பக்கம் எழுதப்பட்டிருக்கலாம்.

உங்கள் நான்கு சுவடிகளோடு இதை ஒப்பிட்டீர்களா?

தொழுவம் | 28 ஜனவரி, இரவு 9.00

படித்த 11 ஏட்டை வைத்து ஒப்பிட்டேன். எருது என்று முடிந்த அந்த 14 ஏட்டுச் சுவடியோடு மூன்று பாட்டு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, வரிசை வேறு. மற்ற மூன்றோடு ஒட்டவில்லை. எனக்கு இரண்டும் ஒரே நூலின் இரண்டு படிகள் என்று தோன்றுகிறது.

பழஞ்சுவடி | 28 ஜனவரி, இரவு 9.48

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைத்தியப் பாட்டுகள் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், ஏடெழுதுபவர் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிச் சேர்ப்பார். மூன்று பாட்டு ஒத்துப்போவதை வைத்து ஒரே நூல் என்று சொல்ல மாட்டேன். வரிசையும் ஒத்துப்போனால் சொல்லலாம். 39 ஏட்டையும் முடியுங்கள், பேசுவோம்.

தொழுவம் | 9 பிப்ரவரி, இரவு 10.10

இன்னும் இரண்டு முறை போய் 31 ஏடு முடித்துவிட்டேன். ஐயாவின் கருத்தை ஒதுக்க முடியவில்லை, ஒத்த பாட்டு ஐந்தாகிவிட்டது, ஆனால் எந்த இரண்டும் அடுத்தடுத்து வரவில்லை.

அப்பாவின் பாட்டு வந்தது. ஏட்டெண் 34, பின்பக்கம், நான்காவது வரி. அதே மருந்து, அதே அளவு. ஆனால் சொற்கள் அப்பா சொன்னதுபோல இல்லை. இரண்டாம் அடி முழுக்க வேறு. எனக்கு மறந்துபோன இரண்டு வரியும் இதில் இருக்கிறது, ஆனால் அவை அப்பா சொன்ன வரிகள்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கட்டில் உள்ள ஆறு நூலின் பெயரையும், ஒவ்வொன்றும் எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு வரை என்பதையும், பெயர் தெரியாத நூலுக்கு முதலும் முடிவும் எழுதி நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். பதிவில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். மீதி எட்டு ஏட்டுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறேன். உப்பியிருந்த 37-இல் இன்னும் 36 இருக்கிறது. அதில் ஒரு சதகம், நூறு பாட்டுக்கு 118 ஏடு. யாராவது கூட வருகிறீர்களா?

வைகைக்கரை | 10 பிப்ரவரி, காலை 8.25

நான் வருகிறேன் அக்கா. எங்கள் ஏட்டின் படத்தையும் எடுத்து வருகிறேன், எண்ணை மட்டும் இப்போது படிக்கத் தெரியும்.